வங்கியில் வந்த வருமானவரி ரீஃபண்டை இன்டிமேஷனோடு ஒப்பிடுவது எப்படி? அசல், வட்டி, பிடித்தம் என்று பிரித்துப் பார்க்கும் முறை

வருமானவரி ரீஃபண்ட் வங்கியில் ஒரே தொகையாக வந்து விழுகிறது. அதற்குள் திரும்பி வந்த வரி இருக்கும், அதற்கான வட்டி இருக்கும், பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதற்குப் பிடித்ததும் கழிந்திருக்கும். வங்கி அறிக்கையில் இவை எதுவும் தனித்தனியாகத் தெரியாது. அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். திரும்பி வந்த வரிக்கு வரி கிடையாது, வட்டிக்கு உண்டு.

புதிதாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ரிட்டர்னில் கேட்ட தொகையையும் வங்கியில் வந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வந்தது குறைவாக இருந்தால் “வட்டி தரவில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான ஒப்பீடு. ஏன் என்பதை ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்தால் புரியும்.

எடுத்துக்காட்டாக, சம்பளம் வாங்கும் ஒருவரின் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக் கணக்கை வைத்துக்கொள்வோம். ரிட்டர்ன் 2024 ஜூலை 22 அன்று தாக்கலானது. கேட்ட ரீஃபண்ட் ரூ. 30,300. ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் அறிவிப்பான இன்டிமேஷனின் தேதி அக்டோபர் 14. வங்கியில் அக்டோபர் 18 அன்று வந்தது ரூ. 23,330. வித்தியாசம் ரூ. 6,970. இந்த 6,970 எங்கே போனது என்பதுதான் கேள்வி.

## 1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நான்கு ஆவணங்கள் வேண்டும். ரீஃபண்ட் வந்த மாதத்தின் வங்கி அறிக்கை, அந்த ஆண்டின் ரிட்டர்ன் பிரதி, 143(1) பிரிவின் கீழ் வந்த இன்டிமேஷன், ரீஃபண்ட் வந்த நிதியாண்டுக்கான ஏஐஎஸ் எனும் வருடாந்திரத் தகவல் அறிக்கை.

இன்டிமேஷன் மின்னஞ்சலில் வந்திருக்கும். கிடைக்காவிட்டால் வருமானவரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து e-File, Income Tax Returns, View Filed Returns என்று போனால், அந்த ஆண்டின் ரிட்டர்னுக்குக் கீழேயே இறக்கிக்கொள்ளலாம். கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். 1980 ஜனவரி 1 பிறந்தவருக்கு இப்படி இருக்கும்:

```
abcde1234f01011980
```

“ரீஃபண்ட் அனுப்பப்பட்டது” என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி இந்த வேலைக்குப் போதாது. அதில் தொகை எப்படி வந்தது என்ற கணக்கு இருக்காது.

## 2. வரவு எந்த ஆண்டுக்கானது என்று உறுதி செய்யுங்கள்

வங்கி அறிக்கையில் விவரப் பத்தியில் பொதுவாக ITDTAX REFUND என்ற சொற்களும், ஓர் ஆண்டும், பான் எண்ணும் இருக்கும். அந்த ஆண்டு மதிப்பீட்டு ஆண்டு. நிதியாண்டு அல்ல.

நம் கணக்கில் அங்கே 2024-25 என்று இருக்கும். வருமானம் ஈட்டியது 2023-24 நிதியாண்டில். பணம் கைக்கு வந்ததோ 2024 அக்டோபரில், அதாவது 2024-25 நிதியாண்டில். ஒரே எண் இரண்டு பொருளில் வருவதால் பலர் இங்கேயே தடம் மாறிவிடுகிறார்கள். ஒரு தாளில் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வருமான ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு, பணம் வந்த ஆண்டு. மூன்றாவதுதான் கடைசிப் படியில் தேவைப்படும்.

ஒரே நிதியாண்டில் இரண்டு ரீஃபண்டுகள் வருவதும் உண்டு. தாமதமான பழைய ஆண்டின் பணமும் புதிய ஆண்டின் பணமும் சில வார இடைவெளியில் வரலாம். தொகையை வைத்து ஊகிக்க வேண்டாம். விவரத்தில் இருக்கும் ஆண்டைப் பார்த்து, அந்தந்த ஆண்டின் இன்டிமேஷனோடு சேருங்கள்.

## 3. இன்டிமேஷனில் துறை கணக்கிட்ட பத்தியை மட்டும் எடுங்கள்

இன்டிமேஷனில் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று நாம் ரிட்டர்னில் கொடுத்தது. மற்றொன்று 143(1) பிரிவின் கீழ் துறை கணக்கிட்டது. பணம் இரண்டாவது பத்தியின்படிதான் வரும். அதனால் வங்கி வரவை ரிட்டர்னோடு ஒப்பிடவே கூடாது. முதலில் இரண்டு பத்திகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், அதற்கு அப்புறம்தான் வங்கி.

மேலிருந்து கீழே வாருங்கள். மொத்த வருமானம், கழிவுகள், செலுத்த வேண்டிய வரி, டிடிஎஸ், முன்கூட்டிய வரி, சுயமதிப்பீட்டு வரி. எந்த வரிசையில் இரு பத்திகளும் முதலில் மாறுகின்றனவோ அங்கே நின்றுவிடுங்கள். கீழே உள்ள மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் அதன் விளைவாகத்தான் இருக்கும்.

நம் கணக்கில் வரிக்குரிய வருமானம் ரூ. 8,00,000, பழைய வரிமுறை. செஸ் சேர்த்து வரி ரூ. 75,400. இது இரண்டு பத்தியிலும் ஒன்றுதான். டிடிஎஸ்ஸில் வித்தியாசம் வருகிறது. அவர் கோரியது ரூ. 1,05,700, துறை ஏற்றது ரூ. 1,03,860. வைப்புத்தொகை வட்டிக்குப் பிடித்த ரூ. 1,840 பிடித்த வரி பதிவாகும் அவருடைய படிவம் 26ஏஎஸ்ஸில் ஏறவில்லை. ஆகவே துறையின் கணக்கில் ரீஃபண்ட் ரூ. 28,460.

இந்த 28,460தான் இனி நமக்கு அசல். ரிட்டர்னில் இருந்த 30,300ஐ இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம்.

## 4. வட்டியை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இன்டிமேஷனில் 244ஏ பிரிவின் கீழ் வட்டி என்று ஒரு வரிசை இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நீங்களே கணக்கிட்டால்தான் குறைவாகத் தரப்பட்டிருந்தால் தெரியும். இதற்கு நான்கு விதிகள் போதும்.

முதல் விதி, வட்டி உண்டா இல்லையா என்பது. ரீஃபண்ட் தொகை தீர்மானிக்கப்பட்ட வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. இங்கே வரி 75,400, அதில் பத்து சதவீதம் 7,540. ரீஃபண்ட் 28,460 என்பதால் வட்டி உண்டு. இதே நபருக்கு ரீஃபண்ட் 6,000 ஆக இருந்தால் ஒரு ரூபாய் வட்டியும் வராது. அது பிழையும் அல்ல. “என் நண்பருக்கு வட்டி வந்தது, எனக்கு வரவில்லை” என்று வரும் குழப்பத்துக்கு முதலில் இந்தப் பத்து சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, எந்த நாளிலிருந்து. டிடிஎஸ், டிசிஎஸ், முன்கூட்டிய வரி ஆகியவற்றிலிருந்து வரும் ரீஃபண்டுக்கு, ரிட்டர்ன் கெடுவுக்குள் தாக்கலாகியிருந்தால், மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் வட்டி ஓடும். கெடு தாண்டிவிட்டால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். சுயமதிப்பீட்டு வரியாக நாமே கட்டியதில் வரும் ரீஃபண்டுக்குத் தாக்கல் செய்த நாள், பணம் கட்டிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து. நம் கணக்கில் ஜூலை 31 கெடுவுக்கு முன்பே தாக்கல் ஆகிவிட்டதால் 2024 ஏப்ரல் 1தான் தொடக்கம்.

மூன்றாவது, எத்தனை மாதம். மாதத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழு மாதமாக எண்ணப்படும். ஏப்ரல் முதல் அக்டோபர் 14 வரை ஆறு மாதமும் ஒரு பகுதியும். அதாவது ஏழு மாதம். ஒரு மாதத்துக்கு அரை சதவீதம், ஏழு மாதத்துக்கு மூன்றரை சதவீதம். கூட்டு வட்டி கிடையாது.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வட்டி போடும்போது அசலில் நூறுக்குக் குறைவான மிச்சம் நீக்கப்படும். விதி 119ஏ அப்படிச் சொல்கிறது. 28,460 என்பது வட்டிக்கு மட்டும் 28,400 ஆகிறது. 28,400க்கு மூன்றரை சதவீதம் ரூ. 994. முழு 28,460க்கும் போட்டால் 996.10 வரும். இந்த இரண்டு ரூபாயைத் தேடித் தேடி நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

எக்செல்லில் போடுவதாக இருந்தால், B1 கட்டத்தில் அசலும் B2 கட்டத்தில் மாதங்களின் எண்ணிக்கையும் வைத்து இப்படி எழுதலாம்:

```
=ROUNDDOWN(B1,-2)*0.005*B2
```

கெடு தாண்டித் தாக்கல் செய்தவருக்கு எப்படி மாறும் என்பதையும் பார்த்துவிடுவோம். தாமதக் கட்டணமெல்லாம் போக அசல் இதே 28,460 வரும் வேறொருவர் 2024 டிசம்பர் 12 அன்று தாக்கல் செய்து, 2025 ஜனவரி 20 அன்று ரீஃபண்ட் தரப்பட்டிருந்தால் மாதங்கள் இரண்டுதான். வட்டி ரூ. 284. ஏப்ரலிலிருந்து எண்ணி “பத்து மாத வட்டி வர வேண்டும்” என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாதக் கணக்கில் இன்னொரு சிக்கல், இன்டிமேஷன் மாதக் கடைசியில் வந்து பணம் அடுத்த மாதம் வரவாகும்போது. இன்டிமேஷன் அக்டோபர் 29, வங்கி வரவு நவம்பர் 4 என்றால், இன்டிமேஷனில் பெரும்பாலும் அக்டோபர் வரைக்கும்தான் வட்டி போட்டிருப்பார்கள். ஒப்பிடும்போது முதலில் இன்டிமேஷன் மாதத்தை வைத்தே எண்ணுங்கள். வங்கித் தேதியை வைத்து எண்ணினால் ஒரு மாத வட்டி குறைவது போலத் தெரியும்.

## 5. பழைய பாக்கிக்குப் பிடித்ததைக் கண்டுபிடியுங்கள்

முந்தைய ஏதாவது ஓர் ஆண்டுக்கு வரிப் பாக்கி நிலுவையில் இருந்தால், 245 பிரிவின் கீழ் ரீஃபண்டிலிருந்து அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். இன்டிமேஷனின் பின்பகுதியில் எந்த ஆண்டின் பாக்கி, எவ்வளவு சரிக்கட்டப்பட்டது என்ற விவரம் இருக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுபவர்களுக்கு இது கண்ணில் படாது. கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

நம் கணக்கில் 2021-22 மதிப்பீட்டு ஆண்டின் பாக்கியாக ரூ. 6,120 கழிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கழிப்பதற்கு முன்பு துறை அறிவிப்பு அனுப்பும். இணையதளத்தில் Pending Actions பகுதியில் Response to Outstanding Demand என்ற இடத்தில் அந்தப் பாக்கியைப் பார்க்கலாம். பாக்கி தவறு என்றால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்ய முடியும். அந்த இடத்தில் முன்பு நீங்கள் பார்த்த தொகையும் இப்போது கழித்த தொகையும் வேறுபடலாம். கட்டாத பாக்கிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே போவது அதற்கு ஒரு காரணம். ஆகவே ஒப்பீட்டுக்கு இன்டிமேஷனில் இருக்கும் கழிவுத் தொகையையே எடுங்கள், நினைவில் இருக்கும் பழைய தொகையை அல்ல.

## 6. இப்போது சமன் செய்யுங்கள்

இனி வங்கி அறிக்கையைப் பக்கத்தில் வைக்கலாம்.

அசல் 28,460. வட்டி 994 சேர்த்தால் 29,454. பழைய பாக்கி 6,120 போக 23,334. திருப்பித் தர வேண்டிய தொகையைப் பத்தின் மடங்குக்கு முழுமையாக்க வேண்டும் என்று 288பி பிரிவு சொல்வதால் 23,334 என்பது 23,330 ஆகிறது. வங்கியில் வந்ததும் 23,330. சரியாகிவிட்டது.

```
=ROUND(28460+994-6120,-1)
```

கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மேலே போகும், குறைவாக இருந்தால் கீழே இறங்கும். ஆக, ஐந்து ரூபாய் வரையிலான வித்தியாசம் முழுமையாக்கியதால் வருவது. அதற்கு மேல் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. 6,970இல் ஏற்கப்படாத டிடிஎஸ் 1,840, பழைய பாக்கி 6,120, முழுமையாக்கியதில் 4. ஆக மொத்தம் 7,964. அதிலிருந்து, சேர்ந்து வந்த வட்டி 994ஐக் கழித்தால் 6,970.

கவனியுங்கள், வங்கியில் வந்த 23,330 அசலான 28,460ஐ விடவே குறைவு. ஆனாலும் வட்டி தரப்பட்டிருக்கிறது. வங்கித் தொகையை மட்டும் பார்த்தால் இந்த 994 எங்கேயும் தெரியவே தெரியாது. அடுத்த ரிட்டர்னில் வட்டி விடுபட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

## 7. ஏஐஎஸ்ஸோடு ஒருமுறை சரிபாருங்கள்

இணையதளத்தில் உள்ளே நுழைந்து AIS மெனுவைத் திறந்து, பணம் வந்த நிதியாண்டைத் தேர்ந்தெடுங்கள். நம் கணக்கில் 2024-25. அதில் பாக்கி, ரீஃபண்ட் விவரங்களுக்கான Demand and Refund பகுதியைப் பாருங்கள். வரி ரீஃபண்டுக்கான வட்டியும் அறிக்கையில் தனித் தகவலாக வரும்.

2023-24ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு “ஒன்றுமே இல்லையே” என்று திகைப்பவர்கள் அதிகம். ரிட்டர்ன் எந்த ஆண்டுக்கானது என்பது இங்கே முக்கியமில்லை, ரீஃபண்ட் எப்போது தரப்பட்டது என்பதுதான் முக்கியம். ஏஐஎஸ் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். ஆகவே ரீஃபண்ட் வந்த வாரத்தில் இல்லையென்றால் அடுத்த ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் மறுபடி பாருங்கள்.

ஏஐஎஸ்ஸில் வட்டி வரவே இல்லையென்றாலும் இன்டிமேஷனில் இருந்தால் அது வருமானம்தான். பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

## 8. கணக்கு பொருந்தாவிட்டால்

எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி. வரிசை மாறினால் அலைச்சல்தான்.

அசலே குறைந்திருந்தால், நம் கணக்கில் 1,840 போல டிடிஎஸ் ஏறாமல் இருந்தால், துறையிடம் போவதற்கு முன் வரி பிடித்த வங்கியிடமோ நிறுவனத்திடமோ போங்கள். அவர்கள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தினால்தான் 26ஏஎஸ்ஸில் அது ஏறும். ஏறிய பிறகு 154 பிரிவின் கீழ் திருத்த விண்ணப்பம் போடுங்கள். இணையதளத்தில் Services பகுதியில் Rectification என்று இருக்கும். ஏறுவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டால் பழைய முடிவே மறுபடி வரும். திருத்தத்துக்கு அப்புறம் வரும் தொகை தனி உத்தரவோடு தனி வரவாக வரும். அதை இந்த 23,330 உடன் சேர்க்காமல் தனியாகவே ஒப்பிடுங்கள்.

அசல் சரி, வட்டி மட்டும் குறைவு என்றால், நான்காம் படியின் விதிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கெடுவுக்குள் தாக்கலானதா, பத்து சதவீதத்துக்கு மேலா, ரீஃபண்டின் ஒரு பகுதி சுயமதிப்பீட்டு வரியிலிருந்து வந்ததா? தாமதத்துக்கு வரி கட்டுபவரே காரணம் என்றால் அந்தக் காலத்துக்கு வட்டி தரப்படாது. ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்திருந்த காலத்துக்கும் வட்டி கிடையாது. இவை எதுவும் பொருந்தாமல் வட்டி குறைந்திருந்தால் திருத்த விண்ணப்பம் போடலாம். உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை அதற்கு அவகாசம் உண்டு.

இன்டிமேஷனில் எல்லாம் சரியாக இருந்தும் வங்கியில் பணமே வரவில்லை என்றால் அது கணக்குப் பிழை அல்ல, பணம் அனுப்புவதில் வந்த தடை. வங்கிக் கணக்கு முன்சரிபார்ப்பு ஆகாமல் இருக்கலாம், அல்லது பெயர் பொருந்தாமல் இருக்கலாம். கணக்கைச் சரிபார்த்துவிட்டு, Services பகுதியில் Refund Reissue கோரிக்கை கொடுங்கள்.

## 9. அடுத்த ரிட்டர்னில் எதை எழுத வேண்டும்

அசல் 28,460 எங்கேயும் வருமானமாக வராது. அது உங்கள் பணமே திரும்பி வந்தது.

வட்டி ரூ. 994, பணம் வந்த 2024-25 நிதியாண்டின் வருமானம். ஆகவே 2025-26 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்னில் பிற வருமானம் என்ற தலைப்பில், வரி ரீஃபண்டுக்கான வட்டி என்ற வரிசையில் எழுத வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டியோடு கலந்து எழுதிவிடாதீர்கள். பழைய வரிமுறையில் சேமிப்பு வட்டிக்கு 80டிடிஏ கழிவு உண்டு, இதற்குக் கிடையாது.

முழு 994ஐயும் எழுத வேண்டும். “6,120 பிடித்துவிட்டார்களே, என் கைக்கு வட்டி வரவில்லையே” என்ற வாதம் இங்கே செல்லாது. வட்டி உங்களுக்குத் தரப்பட்டது, அப்புறம் மொத்தத் தொகையிலிருந்து உங்கள் பாக்கி அடைக்கப்பட்டது. பாக்கி கட்டியது செலவாகவும் கழியாது.

இந்தியாவில் வசிப்பவருக்கு இந்த வட்டியில் டிடிஎஸ் பிடிப்பதில்லை. எனவே 26ஏஎஸ்ஸில் இதற்கு எதிராக வரி வரவு எதையும் தேட வேண்டாம். உங்கள் வரி விகிதப்படி இதற்கான வரியை நீங்களே சேர்த்துக் கட்ட வேண்டும்.

இன்டிமேஷன் கோப்பையும், அந்த வரவு இருக்கும் வங்கி அறிக்கைப் பக்கத்தையும், ஆறாம் படியில் போட்ட கணக்கையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். கோப்புறைக்கு, பணம் வந்த நிதியாண்டின் பெயரையே கொடுங்கள். ஜூலையில் அடுத்த ரிட்டர்ன் போட உட்காரும்போது தேட வேண்டியது அந்த ஆண்டின் பெயரில்தான்.